ரங்கூனில் தண்ணீர் கேன் வாடிக்கையை மதிப்பிடுவது எப்படி: வரவு, தரம், பில், வராத நாள்

ரங்கூனில் 20 லிட்டர் கேன் போடும் கடை எது நல்லது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். ஏன் என்று கேட்டால் "நன்றாகத்தான் போடுகிறார்கள்" என்பார்கள், அல்லது "ஏமாற்றுக்காரர்கள்" என்பார்கள். இரண்டிலும் அடுத்தவருக்குப் பயன்படும் செய்தி எதுவும் இல்லை. ஒரு மாதம் ஒழுங்காகக் குறித்து, அதை வைத்துக் கடையைப் பற்றிச் சொல்லும் வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். பால், காய்கறி வாடிக்கைக்கும் பாதி பொருந்தும். ஆனால் கேனில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: பொருள் வீட்டுக்கு வருகிறது, அது வந்த பாத்திரம் திரும்பிப் போகிறது. தகராறில் பெரும்பகுதி அந்தக் காலிக் கேனில்தான் பிறக்கிறது.

உதாரணத்துக்குத் தாம்வேயில் ஐந்தாம் மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில் இருக்கும் என் சித்தி வீட்டின் ஓர் ஏப்ரல் மாதக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து பேர், குடிக்கவும் சமைக்கவும் மூன்று நாளுக்கு இரண்டு கேன். விலை அடிக்கடி மாறுவதால் தொகைகளை மட்டும் கணக்கு புரிவதற்காக நானே வைத்திருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாட்காட்டி அல்லது கோடு போட்ட நோட்டு, அதைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட ஓர் ஆணி, நூலில் கட்டிய பேனா. கைபேசியில் குறித்துக்கொள்ளலாம் என்று தொடங்குகிறவர்கள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். கேன் வரும்போது கதவைத் திறப்பவர் ஒவ்வொரு நாளும் ஒருவராக இருப்பார். அதனால் குறிப்பு கைபேசியில் இல்லாமல் கதவருகில் இருக்க வேண்டும்.

குளியலறையில் ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்று, முடிந்தால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா ஒன்று. இந்தப் பேனா இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். தராசு இல்லாவிட்டால் அளவைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

முதல் நாளிலேயே ஒரு காலிக் கேனை எடைபோட்டு எழுதிவையுங்கள். பிறகு நிறைந்த கேனின் எடையிலிருந்து இதைக் கழித்தால் தண்ணீரின் எடை கிடைக்கும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் வேறு கணக்குத் தேவையில்லை. கடைத்தெருத் தராசில் பர்மிய வீசையில் நிறுத்தால், 20 லிட்டர் 12 வீசைக்குச் சற்று மேல் வர வேண்டும்.

2. வாய்ப்பேச்சை முதலில் எழுத்தாக்குங்கள்

மதிப்பிடுவதற்கு முன் எதை ஒப்புக்கொண்டார்கள் என்று தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது எழுத்தில் இருப்பதில்லை. கடைக்குப் போய் ஐந்து விஷயம் கேட்டு, அவர்கள் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைப் படம் எடுத்துக் கடைக்கே அனுப்பிவிட்டால் பிறகு "அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சு வராது.

எந்தெந்த நாள், எத்தனை கேன். கேனின் விலை எவ்வளவு, மாடிக் கூலி எத்தனையாவது மாடியிலிருந்து, ஒரு கேனுக்கா ஒரு நடைக்கா. கேனுக்கான முன்பணம் எவ்வளவு, வாடிக்கையை நிறுத்தினால் முழுவதும் திரும்புமா. பண்டிகை விடுமுறையில் என்ன ஏற்பாடு. கடைசியாக, எதை "வந்து திரும்பினோம்" என்று எழுதுவார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதிச் சண்டை இதில்தான். நம் கட்டடங்களில் மேல்மாடியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கேன் போடுபவர் கீழேயிருந்து கயிற்றை இழுப்பார். மேலே எட்டிப் பார்த்துத் தலையசைத்தால்தான் சுமையோடு ஏறுவார். யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். கடை ஏட்டில் "வீட்டில் ஆள் இல்லை" என்று இருக்கும், உங்கள் நோட்டில் "வரவில்லை" என்று இருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எத்தனை முறை மணி அடிக்க வேண்டும், பதில் இல்லாவிட்டால் கயிற்றுக் கிளிப்பில் சீட்டு மாட்டிவிட்டுப் போவாரா என்பதை முதலிலேயே பேசிக்கொண்டால் இந்தத் தகராறு எழாது.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் என்று எல்லோரும் சொல்லும் கேன்களில் சில ஐந்து காலன் கேன்கள், அவை கொள்வது 18.9 லிட்டர்தான். லேபிளில் எந்த அளவு அச்சடித்திருக்கிறதோ அதை வைத்துத்தான் குறை சொல்ல வேண்டும்.

3. குறிப்பில் மூன்று எண் போதும்

தேதிக்கு எதிரே: நிறைந்தது எத்தனை வந்தது, காலி எத்தனை போனது, இப்போது வீட்டில் மொத்தம் எத்தனை கேன். பக்கத்தில் காரணம் எழுதச் சிறிது இடம்.

மூன்றாவது எண்தான் முக்கியம். நிறைந்தது, பாதி, காலி எல்லாம் சேர்த்து வீட்டில் இருக்கும் கேன்களின் எண்ணிக்கை நீங்கள் முன்பணம் கட்டிய எண்ணிக்கையோடு எப்போதும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால் அன்றைக்கே ஏதோ தவறியிருக்கிறது. மாதக் கடைசியில் கண்டுபிடித்தால் எந்த நாளில் தவறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

சித்தி வீட்டில் முன்பணம் நான்கு கேனுக்கு. ஏப்ரல் குறிப்பு இப்படிப் போனது (வந்தது, போனது, வீட்டில் மொத்தம் என்ற வரிசையில்):

1ஆம் தேதி: 2, 2, 4
4ஆம் தேதி: 2, 2, 4
7ஆம் தேதி: வரவில்லை. மின்வெட்டால் ஆலை ஓடவில்லை என்று மாலையில் செய்தி வந்தது
8ஆம் தேதி: 2, 2, 4
10ஆம் தேதி: 6, 2, 8. பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறைக்காக நான்கு கேன் கூடுதல், அவற்றுக்கு முன்பணம் கேட்கவில்லை
13, 16: விடுமுறை
19, 20: வரவில்லை, செய்தியும் இல்லை
21ஆம் தேதி: 2, 4, 6
22ஆம் தேதி: 2, 2, 6
25ஆம் தேதி: 1, 3, 4. வண்டியில் ஒன்றுதான் இருந்தது
28ஆம் தேதி: 2, 2, 4

மொத்தம் வந்தது 19, போனது 19. நான்கில் தொடங்கி நான்கில் முடிந்திருக்கிறது. இந்த ஒரு பக்கத்திலிருந்து மதிப்பீட்டின் முக்கால் பங்கு வந்துவிடும்.

புதியவர்கள் செய்யும் தவறு, வந்த கேனை மட்டும் எழுதுவது. பால் பாக்கெட்டுக்கு அது போதும். கேனுக்குப் போதாது, ஏன் என்பது பில்லைப் பார்க்கும்போது தெரியும்.

இன்னொரு தவறு, காலிக் கேன்களை மாடிப்படித் திருப்பத்தில் வைத்துவிட்டு அலுவலகம் போவது. எதிர்வீட்டுக் கேனும் அதே நீலம்தான். ஆளுக்கொரு கடையில் வாங்கினால் ஒருவருடைய காலி இன்னொரு கடைக்குப் போய்விடும். கேனின் அடியில் எண்ணெய் மையால் வீட்டு எண்ணை எழுத வேண்டாம், அடுத்த முறை வேறு கேன்தான் வரும். காலியை உள்ளேயே வைத்திருந்து கையில் கொடுப்பதே வழி.

4. கேன் வாசலில் இருக்கும்போதே பார்க்க வேண்டியவை

தரத்தை அவர் படியிறங்குவதற்கு முன் பாருங்கள். மூடியைத் திறந்த பிறகு கேனைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையும் எளிதில் சம்மதிக்காது. ஐந்து மாடி ஏறி வந்தவரை நிற்கவைத்து ஆராய்ச்சி செய்வதும் முறையில்லை. ஒரு கேனுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்ளலாம், அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு.

மூடியும் அதைச் சுற்றிய சுருக்குத் தாளும் கிழியாமல் இருக்கின்றனவா? மூடியில் உள்ள பெயரும் லேபிளில் உள்ள பெயரும் ஒன்றுதானா? ஒரு நிறுவனத்தின் கேனில் இன்னொருவரின் மூடி இருந்தால் யாரோ இடையில் நிரப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. லேபிளில் உணவு, மருந்துத் துறையான எஃப்.டி.ஏ.வின் அனுமதி எண் இருக்க வேண்டும். எண் இருப்பதாலேயே தண்ணீர் நன்று என்று ஆகிவிடாது, ஆனால் அதுவே இல்லாத கேனுக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை.

பிறகு கேனைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடியில் தூள் சுழல்கிறதா, உள்சுவரில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை என்றால் பாசி. வெயிலில் அடுக்கிவைத்த கேனில் அல்லது சரியாகக் கழுவாத கேனில் வரும். உங்கள் பால்கனியில் வெயில் படும்படி வைத்திருந்தாலும் வரும், ஆகவே வந்த அன்றே பார்த்தால்தான் குறை யாருடையது என்று சொல்ல முடியும். கேனின் உட்புறம் கீறல் விழுந்து மங்கியிருந்தால் அது நெடுநாள் புழங்கிய கேன். கீறலுக்குள் அழுக்கு தங்கும், தூரிகை அதை எடுக்காது. அதை மாற்றித் தரச் சொல்வது நியாயமான கோரிக்கை.

திறந்ததும் முதலில் முகருங்கள், பிறகு குடியுங்கள். ஓசோன் செலுத்திய தண்ணீரில் புதிதாகத் திறந்தால் லேசான கூர்மையான வாடை வரலாம், சற்று நேரத்தில் போய்விடும். பிளாஸ்டிக் வாடை வெயிலில் கிடந்ததைக் காட்டும். மண்ணெண்ணெய், சோப்பு, புளித்த வாடை என்றால் யாரோ அந்தக் கேனில் வேறு எதையோ ஊற்றியிருக்கிறார்கள். குடிக்காமல் அப்படியே மூடிவைத்துக் கடையைக் கூப்பிடுங்கள்.

5. டி.டி.எஸ். பேனா எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இந்தப் பேனா தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும், கிருமியைக் காட்டாது. இதை அறியாமல் "20தான் காட்டுகிறது, சுத்தமான தண்ணீர்" என்று எழுதுகிறவர்கள் அதிகம். குறைந்த எண் வரும் தண்ணீரிலும் கிருமி இருக்க முடியும்.

பேனாவின் உண்மையான பயன் ஒப்பிடுவதில் இருக்கிறது. ஒரே கடையின் முதல் நான்கைந்து கேன்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சவ்வு வடிகட்டி வழியே வரும் தண்ணீர் பெரும்பாலும் 50க்குள் இருக்கும், நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. அப்படி 20, 25 என்று வந்துகொண்டிருந்த கேன் ஒரு நாள் 180 காட்டினால் இரண்டு காரணம் இருக்கலாம். சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது அன்றைக்கு வடிகட்டாத ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கேனில் இறங்கியிருக்கலாம். சவ்வு வழியே தண்ணீரைத் தள்ள அழுத்தப் பம்பு ஓட வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், ஜெனரேட்டரில் ஓட்டினால் டீசல் செலவு. ஆகவே நீண்ட மின்வெட்டுக்கு அடுத்த நாள் வரும் கேனை மட்டுமாவது தவறாமல் அளந்துவையுங்கள். சித்தி வீட்டில் 8ஆம் தேதிக் கேன் வழக்கமான எண்ணையே காட்டியது. மின்சாரம் வரும்வரை காத்திருந்து, ஒரு நாள் தாமதமானாலும் ஒழுங்காக வடிகட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தாமதத்துக்குக் குறைத்த மதிப்பெண்ணை இங்கே திருப்பிக் கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் தவறில்லை என்பேன்.

கிருமியைப் பற்றி எழுத வேண்டுமானால் ஆய்வகம்தான். அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டியை வாங்கி, திறக்காத புதுக் கேனிலிருந்து நேராகப் பிடித்து, குளிரில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கட்டணத்தை ஒரே கடையில் வாங்கும் நான்கைந்து வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம்.

கடையைக் குறை சொல்லும் முன் உங்கள் டிஸ்பென்சரைச் சந்தேகியுங்கள். புதுக் கேனிலிருந்து நேராக ஒரு டம்ளர், டிஸ்பென்சர் குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து இரண்டையும் முகர்ந்து குடித்துப் பாருங்கள். இரண்டாவதில் மட்டும் வழுவழுப்போ வாடையோ இருந்தால் அழுக்கு உங்கள் வீட்டில் இருக்கிறது. கைப்பம்பு வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் அதன் நீண்ட குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தால் வேறு சான்று தேவைப்படாது.

6. "வராத நாள்" என்பதை மூன்றாகப் பிரியுங்கள்

மாதத்தில் பத்து முறை வர வேண்டியதில் நான்கு நாள் வரவில்லை என்று எழுதினால் சித்தி வீட்டுக் கடை மோசமானதாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் படம் மாறுகிறது.

சொல்லிவிட்டு வராதது ஒரு வகை. 13, 16 இரண்டும் திஞ்சான் நாட்கள். அந்த வாரத்தில் ரங்கூனில் பெரும்பாலான கடைகள் திறக்காது, சுமக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். 10ஆம் தேதியே அந்த இரண்டு முறைக்கும் சேர்த்து நான்கு கேன் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், அதுவும் முன்பணம் கேட்காமல். இதை வராத நாளாக எண்ணக் கூடாது, நல்ல ஏற்பாடு என்று எழுத வேண்டும்.

தாமதம் ஒரு வகை. 7ஆம் தேதி வர வேண்டியது 8இல் வந்தது, அன்று மாலையே செய்தி சொன்னார்கள்.

சொல்லாமல் வராதது மூன்றாம் வகை. 19இல் வர வேண்டியது 21இல் வந்தது, நடுவே ஒரு வார்த்தை இல்லை. விடுமுறை முடிந்து ஆட்கள் திரும்பியிருக்க மாட்டார்கள் என்று நாமே ஊகிக்கலாம். ஊகம் நம்முடையது, சொல்ல வேண்டியது அவர்களுடைய வேலை. மதிப்பீட்டில் குறைக்க வேண்டியது இதற்குத்தான்.

25ஆம் தேதி வந்தார்கள், ஒரு கேன் குறைவு. அது வராத நாளில்லை, குறைந்த நாள். பத்து முறையில் ஐந்து முறை நாளும் எண்ணிக்கையும் சரி, இரண்டு முறை முன்கூட்டிப் போட்டது, ஒன்று சொல்லிய தாமதம், ஒன்று சொல்லாத தாமதம், ஒன்று குறைவு. படிப்பவருக்கு இந்த வரி போதும்.

இதோடு வீட்டில் தண்ணீர் உண்மையில் தீர்ந்ததா என்றும் பாருங்கள். 21ஆம் தேதி காலை சித்தி வீட்டில் மிஞ்சியது திறந்த கேன் ஒன்றில் கொஞ்சம், அவ்வளவுதான். அன்றும் வராமல் போயிருந்தால் கீழ்க்கடையில் போய் வாங்கியிருக்க வேண்டும். வாங்க நேர்ந்தால் அந்தச் செலவையும் குறித்துவையுங்கள். நான்கு கேன் முன்பணம் கட்டிய வீடு தாங்கியது, இரண்டு கேன் மட்டும் வைத்திருக்கும் வீடு 20ஆம் தேதியே தவித்திருக்கும். ஆகவே எழுதும்போது எத்தனை கேன் இருப்பு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லாமல் "எங்களுக்குத் தண்ணீர் தட்டவே இல்லை" என்று எழுதுவது அடுத்தவரைத் தவறான வழியில் விடும்.

ஏப்ரல் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெயிலும் மின்வெட்டும் பண்டிகையும் ஒன்றாக வரும் மாதம் அது. புதிதாகச் சேர்ந்த முதல் வாரத்தை வைத்தும் சொல்லாதீர்கள், முதல் வாரத்தில் எல்லாக் கடையும் நேரத்துக்கு வரும்.

7. பில்லைச் சரிபார்க்கும் வரிசை

பில் வந்ததும் கீழே உள்ள மொத்தத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். முதலில் கேன் எண்ணிக்கை, பிறகு விலையும் மாடிக் கூலியும், பிறகு முன்பணம் அல்லது "கேன் பாக்கி", கடைசியில் கூட்டல். இந்த வரிசையில் போனால் எந்த இடத்தில் பிசகியது என்று தெரியும். மொத்தத்திலிருந்து தொடங்கினால் வித்தியாசம் மட்டும் தெரியும், காரணம் தெரியாது.

கேன் 1,500 கியாட், மாடிக் கூலி கேனுக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். வந்தது 19 கேன். 19 பெருக்கல் 1,700, ஆக 32,300 கியாட் கொடுக்க வேண்டும்.

வந்த பில்லோ 52,000. கேன் 20 என்று போட்டு 34,000. அதற்குக் கீழே "கேன் பாக்கி 2" என்று எழுதி, ஒன்றுக்கு 9,000 வீதம் 18,000.

முதல் தவறு எளிது. பத்து முறை, முறைக்கு இரண்டு என்று ஒழுங்குப்படி பெருக்கி எழுதியிருக்கிறார்கள், 25ஆம் தேதி ஒன்று குறைந்ததைக் கழிக்கவில்லை. மாத வாடிக்கையில் மிகச் சாதாரணமாக நடப்பது இது. போட்டதை எண்ணாமல் போட வேண்டியதை எழுதிவிடுவார்கள். வித்தியாசம் 1,700 கியாட்.

இரண்டாவது தவறு பெரியது. 21ஆம் தேதி நான்கு காலிக் கேன் போனது. கேனை எடுத்துப் போனவர் கடை ஏட்டுக்கு வழக்கப்படி "2" என்று எழுதியிருக்கிறார். கடையின் கணக்கில் இரண்டு கேன் இன்னும் சித்தி வீட்டில் இருக்கிறது. தண்ணீரில் போன பணத்தைவிடக் காலிக் கேனில் போகவிருந்த பணம் பத்து மடங்குக்கும் மேல். வந்த கேனை மட்டும் எழுதியிருந்தால் இதற்கு எந்தப் பதிலும் சொல்லியிருக்க முடியாது. நோட்டில் 21க்கு எதிரே "போனது 4, மொத்தம் 6" என்று இருந்தது, பக்கத்தில் கேன் எடுத்தவரின் கையெழுத்தும் இருந்தது. வழக்கத்துக்கு மாறாக எண்ணிக்கை கூடும் அல்லது குறையும் நாளில் மட்டும் கையெழுத்து வாங்குங்கள். தினமும் கேட்டால் அவருக்கும் சலிப்பு, உங்களுக்கும் சலிப்பு.

பில் பர்மிய எண்களில் கையால் எழுதியதாக இருந்தால் சுழியையும் ஒன்றையும் கவனியுங்கள். சுழி முழு வட்டம், ஒன்று வாய் திறந்த வட்டம். அவசரக் கையெழுத்தில் வட்டம் மூடாமல் போனால் 10 பதினொன்றாகிவிடும். கூட்டலில் தவறு என்று நினைத்த பல பில்களில் இருந்தது இந்த வட்டம்தான்.

கூப்பன் புத்தகம் வாங்குகிறவர்களுக்குப் பில் சிக்கல் குறைவு, ஆனால் வேறு சிக்கல் உண்டு. விலை ஏறியதும் பழைய கூப்பனுக்குக் கூடுதல் பணம் கேட்பார்களா என்பதைப் புத்தகம் வாங்கும்போதே கேளுங்கள். கயிற்றில் கூப்பனை இறக்குகிறவர்கள் கேன் மேலே வந்த பிறகு இறக்குங்கள்.

8. எழுதும் முன் கடைக்குச் சொல்லிப் பாருங்கள்

குறை சொன்னால் கடை என்ன செய்கிறது என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதி. அதைச் சோதிக்காமல் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள்.

கேன் சுமப்பவரிடம் பில் சண்டை போடாதீர்கள். அவர் கணக்கு எழுதுபவரில்லை, குறைந்த தொகையை அவர் கூலியில் பிடித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. நேராகக் கடைக்குப் போங்கள், நோட்டுப் பக்கத்தைக் காட்டுங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "21ஆம் தேதி உங்கள் ஏட்டில் எத்தனை காலி?" கோபமாகப் பேசினால் அவர்களும் கோபமாகப் பேசுவார்கள். தேதியைக் கேட்டால் ஏட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

சித்தி போனபோது கடைக்கார அம்மாள் ஏட்டைப் புரட்டி, கையெழுத்தைப் பார்த்து, 18,000ஐ அங்கேயே அடித்துவிட்டார். 1,700ஐ மட்டும் "அடுத்த மாதம் கழிக்கிறோம்" என்றார், கழிக்கவும் செய்தார். எத்தனை நாளில் தீர்ந்தது, எழுத்தில் தந்தார்களா, அடுத்த பில்லில் உண்மையிலேயே கழித்தார்களா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

9. மதிப்பீட்டை எழுதுவது

முதல் வரியில் உங்கள் நிலைமை: வட்டாரம், மாடி, லிப்ட் உண்டா, வாரத்துக்கு எத்தனை கேன், எந்த மாதம், எத்தனை கேன் இருப்பு. தரைத்தளத்து வீட்டுக்கு வரும் ஒழுங்கு ஆறாம் மாடிக்கு வராது. இந்த வரி இல்லாமல் மற்றவை எதுவும் பயன்படாது.

பிறகு வரவு, தரம், பில், குறை தீர்த்த விதம். கேன் சுமப்பவரின் பெயரை எழுதாதீர்கள். அவர் அடுத்த மாதம் மாறலாம், உங்கள் ஒரு வரியால் வேலை போகவும் கூடும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "சுத்திகரிக்காத தண்ணீர் போடுகிறார்கள்" என்பது குற்றச்சாட்டு, "வழக்கமாக 25 காட்டும் பேனா 12ஆம் தேதி 180 காட்டியது, கேனை மாற்றித் தந்தார்கள்" என்பது தகவல்.

சித்தி வீட்டு ஏப்ரலை நான் இப்படி எழுதுவேன்:

"தாம்வே, ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை. மூன்று நாளுக்கு இரண்டு கேன், இருப்பு நான்கு. ஏப்ரல் மாதம். பத்து முறையில் ஐந்து சரியான நாளில் முழுமையாக வந்தது, திஞ்சானுக்கு முன்கூட்டியே போட்டார்கள். ஒரு முறை சொல்லி ஒரு நாள் தாமதம், ஒரு முறை சொல்லாமல் இரண்டு நாள் தாமதம், ஒரு முறை ஒரு கேன் குறைவு. மூடி, லேபிள், வாடை சரி. டி.டி.எஸ். மாதம் முழுக்க ஒரே அளவு. கிருமிப் பரிசோதனை செய்யவில்லை. பில்லில் ஒரு கேன் கூடுதல், காலிக் கேன் இரண்டு பாக்கி என்று தவறாக இருந்தது. நேரில் போனதும் திருத்தினார்கள். காலிக் கேன் எண்ணிக்கையை நாமே எழுதிவைக்க வேண்டிய கடை."

நட்சத்திரம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நான்கு தலைப்புக்கும் தனித்தனியே கொடுங்கள். சராசரி எடுத்தால் நல்ல தண்ணீரும் மோசமான பில்லும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

10. எப்போது திரும்பப் பார்க்க வேண்டும்

விலை ஏறும்போது, கேன் சுமப்பவர் மாறும்போது, மழைக்காலம் தொடங்கும்போது. ஜூன் முதல் தாழ்வான தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும், தள்ளுவண்டி வராது. வெயில் காலத்தில் நேரத்துக்கு வந்த கடை மழையில் தடுமாறலாம், பக்கத்துத் தெருக் கடை அப்போது தேவலாம் என்று ஆகலாம். அப்படி மாற்றினால் பழைய கடையில் முன்பணத்தை வாங்கிய நாளையும் தொகையையும் பழைய மதிப்பீட்டின் கீழேயே சேர்த்து எழுதுங்கள். காலிக் கேன் நான்கையும் ஒரே நடையில் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, பணத்தைக் கையில் வாங்கிய பிறகு கடையை விட்டு வாருங்கள். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள்.